வெளிநாட்டு வேலை என்று பணம் வாங்கி ஏமாற்றிய ஏஜென்ட்: பணத்தை மீட்க என்ன வழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தில் வெல்டர் வேலை என்று சொல்லி 2,40,000 ரூபாய் வாங்கினார். "விசா இதோ வந்துடும்" என்றே பல மாதம் ஓட்டினார். அப்படி ஒரு வேலையே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. முதலில் எங்கே போவது?

எங்கே போவது என்பது அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா இல்லையா என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் வேலை வீட்டில் உட்கார்ந்தே செய்ய வேண்டியது. emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு செய்யாமல் ஆள் எடுப்பவர்கள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் அதே தளத்தில் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் "அரசு அங்கீகாரம் பெற்றது" போர்டை நம்ப வேண்டாம். ஜி.எஸ்.டி. பதிவு, கம்பெனிப் பதிவு, டிராவல்ஸ் லைசென்ஸ் ஆகியவற்றைக் காட்டி அதுதான் அங்கீகாரம் என்பார்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க அவை எதுவும் செல்லாது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி தனிப் பதிவுச் சான்றிதழ் வேண்டும்.

பெயர் ஒன்று போல இருந்தால் மட்டும் போதாது. முகவரியும் உரிமையாளர் பெயரும் ஒத்துப்போகிறதா, பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மும்பையில் பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

பணத்தை ஆன்லைனில் அனுப்பி ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் மட்டும் வரிசை மாறும். முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள், cybercrime.gov.in-ல் புகார் பதியுங்கள். பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் முடக்கிவைக்க முடியும். மாதங்கள் கடந்துவிட்டால் இந்த வழியில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

போலீசுக்குப் போகப்போகிறேன் என்று ஏஜென்டிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். சொன்ன அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் பழைய மெசேஜ்கள் அழியத் தொடங்கும்.

பட்டியலில் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் பணம் கிடைத்துவிடுமா?

பதிவில்லாத ஆளைவிட இவரிடம் வாங்குவது எளிது. பதிவு வாங்கும்போது அவர் அரசிடம் வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார். வழக்கமான ஏஜென்டுக்கு 50 லட்சம், 100 பேர் வரை அனுப்பும் சிறிய ஏஜென்டுக்கு 8 லட்சம். ஆனால் அவரை உண்மையில் அசைப்பது அந்தப் பணம் கூட இல்லை. பதிவு இடைநிறுத்தப்பட்டால் அன்று முதல் அவரால் ஒருவரையும் அனுப்ப முடியாது, தொழில் நின்றுவிடும். போலீசுக்கு அசையாத ஆளும் இதற்கு இறங்கி வருவார்.

புகாரை emigrate தளத்தில் பதிந்துவிட்டு, அதன் நகலைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். நேரில் போனால் முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். வேலை இல்லாத விஷயத்தோடு இன்னொரு குற்றத்தையும் சேர்த்து எழுதுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார் என்றால் அந்த வேலை உண்மையாகவே இருந்திருந்தாலும் அது சட்டமீறல்தான்.

பட்டியலில் அவர் பெயரே இல்லை. அப்போ அந்த அலுவலகத்துக்குப் புகார் கொடுத்துப் பிரயோஜனம் உண்டா?

உண்டு, ஆனால் பணம் அங்கிருந்து வராது. பதிவில்லாதவரிடம் பறிமுதல் செய்ய உத்தரவாதத் தொகை எதுவும் இல்லை. புகாரை மாநில போலீசுக்கு அனுப்பிவைப்பார்கள். அந்தக் கடிதமே உங்களுக்குப் பலம், ஏனென்றால் "இவர் பதிவு பெற்றவர் இல்லை" என்று மத்திய அரசு அலுவலகமே சொன்னதாகிவிடும்.

பதிவில்லாமல் ஆள் எடுப்பது குடிபெயர்வுச் சட்டம் 24-வது பிரிவில் குற்றம். சிறை இரண்டு ஆண்டு வரை, அபராதம் 2,000 ரூபாய் வரை. 1983-ல் நிர்ணயித்த அபராதம் அப்படியே நிற்கிறது. இன்றைக்கு அது ஏஜென்டின் ஒரு நாள் பெட்ரோல் செலவு. இருந்தாலும் இந்தப் பிரிவு எஃப்.ஐ.ஆரில் இருப்பது முக்கியம். பொதுவாக இந்தச் சட்டத்தில் வழக்கு நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதால் போலீஸ் இதைத் தொடத் தயங்குவார்கள். ஆனால் 27-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பாதிக்கப்பட்டவரோ அவருடைய அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அனுமதி தேவையில்லை. இந்த வரியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஸ்டேஷனில் "இது கொடுக்கல் வாங்கல், சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். என்ன செய்ய?

பெரும்பாலான புகார்கள் இங்கேதான் செத்துப்போகின்றன. பழி போலீஸ் மேல் மட்டும் இல்லை. பலர் புகாரை எழுதும் விதமே அப்படி இருக்கிறது: "இவரிடம் 2,40,000 ரூபாய் கொடுத்தேன், திருப்பித் தர மறுக்கிறார், வாங்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." இதைப் படிக்கும் யாருக்கும் இது கடன் தகராறாகத்தான் தெரியும். மோசடி என்பதற்குச் சட்டம் கேட்பது வேறு. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று தெரிய வேண்டும். பின்னால் திருப்பித் தரவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது.

எனவே புகார் பணத்தில் தொடங்கக் கூடாது, பொய்யில் தொடங்க வேண்டும். இப்படி:

"மேற்படி நபர் போலந்து நாட்டில் உள்ள இன்ன நிறுவனத்தில் எனக்கு வெல்டர் வேலை உறுதியாகிவிட்டதாகக் கூறி, அந்நிறுவனத்தின் பெயரில் ஒரு பணிநியமனக் கடிதத்தைக் காட்டினார். அதை உண்மை என நம்பியே நான் பணம் கொடுத்தேன். அக்கடிதம் தாங்கள் வழங்கியது அல்ல என்று அந்நிறுவனம் எனக்கு மின்னஞ்சலில் தெரிவித்துள்ளது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க அவருக்குப் பதிவுச் சான்றிதழ் இல்லை."

இந்த நான்கு வரியிலேயே பொய், அதை நம்பியது, அதனால் பணம் கொடுத்தது, பொய் என்பதற்கு ஆதாரம் எல்லாம் வந்துவிடுகின்றன. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு கேட்பதும் இதைத்தான். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய 420. கடிதம் போலி என்றால் அதற்கான பிரிவுகளும் சேரும். அப்புறம், அந்த நிறுவனத்தின் மறுப்பை வாங்குவது நினைப்பது போலக் கஷ்டமில்லை. ஏஜென்ட் கொடுத்த கடிதத்தில் உள்ள ஜிமெயில் முகவரிக்கு எழுதாதீர்கள், அது அவருடையதாகவே இருக்கும். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் தேடி, அதில் உள்ள முகவரிக்குக் கடிதத்தின் நகலை இணைத்து "இதை நீங்கள் கொடுத்தீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். அப்படி ஒரு நிறுவனமே இல்லை என்று தெரிந்தால் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

அதே ஏஜென்டிடம் ஏமாந்த இன்னும் இரண்டு மூன்று பேர் கிடைத்தால் நிலைமையே மாறிவிடும். ஒருவருக்கு நடந்தால் "விசா தாமதம்" என்று கதை சொல்லலாம், ஐந்து பேருக்கு நடந்தால் சொல்ல முடியாது. தனித்தனிப் புகார்களாக எழுதி ஒன்றாகப் போய்க் கொடுங்கள். தொகை பெரிது, ஆட்கள் பலர் என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு, மாநகரங்களில் மத்தியக் குற்றப்பிரிவு சரியான இடம். சென்னை மத்தியக் குற்றப்பிரிவில் வேலைவாய்ப்பு மோசடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். இல்லை. பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு, மாநகரமானால் கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 173(4), 175(3) பிரிவுகள். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் மாஜிஸ்திரேட்டிடம் போனால் மனு நிற்காது, பிரமாண வாக்குமூலமும் இணைக்க வேண்டும்.

பாதிப் பணம் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது இல்லை. அது போனது போனதுதானா?

இல்லை. மேலே கேட்டவரின் 2,40,000-ஐயே எடுத்துக்கொள்வோம். அதில் 20,000 "மெடிக்கலுக்கு" என்று ஜிபேயில் போனது. ஒரு லட்சம் ஏஜென்டின் மனைவி கணக்குக்கு வங்கி மூலம் போனது. மீதி 1,20,000 ரொக்கம். முதல் இரண்டுக்கும் வங்கி அறிக்கை போதும். மனைவியின் கணக்கு என்பது கெடுதல் இல்லை, அவரையும் விசாரணைக்குள் கொண்டுவர அது ஒரு வழி.

ரொக்கத்துக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அந்த 1,20,000 எங்கிருந்து வந்தது? கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து 12-ஆம் தேதி 1,25,000 எடுத்தார் என்றால் நகைக்கடன் ரசீது இருக்கும். 13-ஆம் தேதி மாலை ஏஜென்டிடமிருந்து "ஃபைல் இன்னைக்கே மூவ் ஆகிடும் தம்பி" என்று மெசேஜ் வந்திருக்கும். பணம் கொடுத்தபோது கூட இருந்த மச்சான் சாட்சி. கடன் ரசீது, மறுநாள் மெசேஜ், சாட்சி மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கினால் ரசீது இல்லாத குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மொத்தத்தையும் ஒரே தொகையாகப் புகாரில் எழுதாமல், எந்தத் தேதியில், எங்கே வைத்து, எவ்வளவு, எப்படி என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். கோர்ட்டில் இதைக் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள், அந்தப் போன் கையில் இருந்தால்தான் அது எளிது.

போலீசுக்குப் போகிறேன் என்றதும் "புரோநோட் எழுதித் தர்றேன், செக் தர்றேன்" என்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாக வாங்கிய ரூபாய்" என்று ஒரு பத்திரம் எழுதி உங்களிடமும் கையெழுத்து கேட்பார். போட்டால் மோசடி வழக்கை நீங்களே கடன் வழக்காக மாற்றிக் கொடுத்தீர்கள் என்று அர்த்தம். பிறகு ஸ்டேஷனில் அதே தாளைக் காட்டி "பாருங்க சார், இது கொடுக்கல் வாங்கல்" என்பார். "போலந்து வேலைக்காகப் பெற்ற தொகையைத் திருப்பித் தருவதற்காக" என்ற வாசகம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்தத் தாள் அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் போலாகிவிடும், ரொக்கத்துக்கு ரசீது இல்லாத குறையையும் அதுவே தீர்த்துவைக்கும்.

செக் என்றால் தேதியும் தொகையும் எழுதி, அவர் சொந்தக் கணக்கிலிருந்து வாங்குங்கள். தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால் வங்கி மெமோ கிடைத்த 30 நாளுக்குள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும். அவருக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அதிலும் கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் செக் திரும்பியதற்கான 138-வது பிரிவு வழக்கு. கணக்கை மூடிவிட்டார் என்று திரும்பினாலும் இது பொருந்தும். உங்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லும் அதிகாரமும் கோர்ட்டுக்கு உண்டு. என்னைக் கேட்டால் பணம் திரும்ப வரும் வழிகளில் நன்றாக எழுதி வாங்கிய செக்தான் வலுவானது. ஆனால் "இன்னும் ஒரு வாரம் பொறுங்க, போடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதத்தைத் தாண்டவிடுவார்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம், போலீஸ் வழக்கு நடக்கும்போதே போகலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்ற சேவையைச் செய்யவில்லை, அதுதான் சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எந்த நாள் என்ற வாதத்துக்கே இடம் தராமல் கடைசியாகப் பணம் கொடுத்த தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள்.

இங்கே எழுத்து வேறு மாதிரி இருக்க வேண்டும். போலீஸ் புகாரில் பொய்யையும் போலிக் கடிதத்தையும் முன்னால் வைத்தீர்கள். நுகர்வோர் மனுவில் அதையே முன்னால் வைத்தால் "மோசடி பற்றிய சிக்கலான கேள்விகளை இங்கே சுருக்க விசாரணையில் தீர்க்க முடியாது" என்று எதிர்த்தரப்பு வாதாடும். உச்ச நீதிமன்றமே 2023-ல் ஒரு வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறது. எனவே இந்த மனுவில் கட்டணம் வாங்கினார், வேலை வாங்கித் தரவில்லை, கட்டணத்தையும் திருப்பவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு மூன்றையும் கேளுங்கள். உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் சிறை வரை போக வழியுண்டு.

ஆள் ஊரைவிட்டே ஓடிவிட்டார், முகவரி தெரியாது என்றால் இந்த வழியில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

கைது செய்துவிட்டார்கள். இனி பணம் வந்துவிடும்தானே?

கைது வேறு, பணம் வேறு. ஜாமீன் கிடைக்க வேண்டுமே என்று பாதிப் பணத்தைக் கொண்டுவந்து கட்டுபவர்கள் உண்டு, அதை நம்பித்தான் பலர் காத்திருக்கிறார்கள். ஆனால் மோசடிப் பணத்தைக் கட்டினால்தான் ஜாமீன் என்று நிபந்தனை போடுவது சரியில்லை, ஜாமீன் வசூல் வழி அல்ல என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 107-வது பிரிவின்படி, குற்றத்தில் கிடைத்த பணத்தில் வாங்கிய சொத்தை முடக்கும்படி எஸ்.பி.யின் ஒப்புதலோடு விசாரணை அதிகாரி கோர்ட்டைக் கேட்கலாம். கோர்ட் அதைக் கலெக்டர் மூலம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவும் உத்தரவிடலாம். இதற்கு முதல் அடி நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஏஜென்ட் அண்மையில் வாங்கிய கார், மனை, யார் பெயரில், எந்த மாதம் என்று தெரிந்ததை எழுதிக் கொடுத்து, 107-ன் கீழ் நடவடிக்கை கேட்டு விசாரணை அதிகாரிக்குத் தனி மனு போடுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்தான் பணத்தை வாங்கி ஏஜென்டிடம் கொடுத்தார். "நானும் ஏமாந்தேன்" என்கிறார். அவர் மேலும் புகார் கொடுக்க வேண்டுமா?

சங்கடமான கேள்விதான், சொந்தக்காரராகவும் இருப்பார். ஆனால் பதிவு பெற்ற ஏஜென்டுக்குக்கூட சப்-ஏஜென்ட் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. புகாரில் அவர் செய்ததை நடந்தபடி எழுதுங்கள்: யார் அறிமுகம் செய்தது, யார் கையில் பணம் போனது, அவர் கமிஷன் வாங்கினாரா. குற்றவாளியா சாட்சியா என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். உண்மையிலேயே ஏமாந்தவர் என்றால் உங்களுக்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை. அவர் பெயரை அடியோடு விட்டுவிட்டால் "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று ஏஜென்ட் சொல்லும்போது பதில் இருக்காது.

பாஸ்போர்ட் அவரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் புதிதாக எடுத்துவிடலாமா?

கூடாது. அது பொய்த் தகவல், நாளைக்கு அவர் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினால் நீங்கள் மாட்டுவீர்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, பணப் பாக்கிக்காகப் பிடித்துவைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமையில்லை. எண்ணைக் குறிப்பிட்டு, இன்னாரிடம் இருக்கிறது என்று அதே புகாரில் தனிப் பத்தியாக எழுதுங்கள். நடைமுறையில் ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனாலே முதலில் திரும்பி வருவது பாஸ்போர்ட்தான்.

தம்பியை விசிட் விசாவில் அனுப்பிவிட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தால் வேலை இல்லை. இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

முதலில் ஆளை மீட்க வேண்டும், பணம் அப்புறம். தம்பி அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளட்டும். நீங்கள் இங்கிருந்து madad.gov.in-ல் புகார் பதியுங்கள். மத்திய அரசின் இலவச எண் 1800-11-3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை எண் 1800-309-3793. விசா முடியும் தேதியை முதல் வரியிலேயே சொல்லுங்கள், அந்தத் தேதி தாண்டினால் அபராதமும் சேர்ந்து ஏறும். தம்பியின் சார்பில் ஏஜென்ட் மேல் நீங்களே புகார் கொடுக்கலாம், 27-வது பிரிவில் உடன்பிறந்தவர் என்ற சொல் இருப்பதை மேலே பார்த்தோம். அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இங்கே ஆபீஸ் பூட்டியிருக்கும்.

ஸ்டேஷனில் வைத்தே பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கு என்கிறார். சம்மதிக்கலாமா?

சம்மதிப்பது உங்கள் விருப்பம். 2,40,000-க்கு 1,50,000 இன்றைக்கே கிடைத்தால் நகைக்கடன் வட்டி ஓடுகிறவருக்கு அது நியாயமான கணக்காகக்கூட இருக்கலாம். வரிசையில் மட்டும் ஏமாறாதீர்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகுதான் எந்தக் கையெழுத்தும். "மீதியை மாதாமாதம் தருகிறேன்" என்றால் ஒவ்வொரு தவணைக்கும் தேதி போட்ட செக், வேலைக்காக வாங்கிய பணம் என்ற வாசகத்தோடு. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் 318(4) வழக்கை நீங்கள் இருவரும் ஸ்டேஷனில் பேசி முடிக்க முடியாது, சமரசத்துக்குக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்கும் நாள்தான் மீதித் தொகையைக் கேட்பதற்குச் சரியான நாள்.